எண்ணெல்லாம் சரி, ஆள் மட்டும் தப்பு: பலகையில் ஒட்டிய தேர்வு முடிவைப் படியெடுக்கும்போது வரும் பிழைகள்

தேர்வு முடிவை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார்கள். எல்லோராலும் நேரில் போய்ப் பார்க்க முடியாது. யாரோ ஒருவர் படம் பிடித்து, ஷீட்டில் அடித்து, மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். அந்த யாரோ ஒருவராக நான் பலமுறை இருந்திருக்கிறேன், பலமுறை திட்டும் வாங்கியிருக்கிறேன். இதில் மோசமான பிழை 47-ஐ 41 என்று அடிப்பது அல்ல. அதனால் பாதிக்கப்படுவது ஒருவர்தான். ஒரு மதிப்பெண்ணை விட்டுவிட்டு அடுத்ததை அடித்தால், அங்கிருந்து கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் பக்கத்து ஆளின் மதிப்பெண் போய்ச் சேரும். அடித்த எண் ஒவ்வொன்றும் பலகையில் இருக்கிற எண்தான். அதனால் பார்வைக்கு ஒன்றுமே தெரியாது. இதை நான் நழுவல் என்று சொல்வது வழக்கம். கீழே வருவதில் பாதிக்கு மேல் நழுவலைப் பற்றித்தான்.

பேச வசதியாக ஒரு பட்டியலை வைத்துக்கொள்வோம். ஒரே தாள். பதிவெண்ணும் அதன் பக்கத்தில் மதிப்பெண்ணுமாக நான்கு ஜோடிப் பத்திகள், பத்திக்கு 40 வரி, மொத்தம் 160 பேர். முதல் பதிவெண் 4101, கடைசிப் பதிவெண் 4268. எக்செல்லில் A பத்தியில் பதிவெண், B பத்தியில் மதிப்பெண், முதல் வரியில் தலைப்பு. தலைப்பு ஒரு வரியை எடுத்துக்கொள்வதால் பட்டியலின் 104-ஆம் ஆள் ஷீட்டில் 105-ஆம் வரியில் இருப்பார். இந்த ஒன்று கூடுவதை மறந்து, சரியாக இருந்த இடத்தைத் திருத்திக் கெடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

பதிவெண் 160 இருக்கிறது, மதிப்பெண் 159தான் இருக்கிறது

முதலில் இரண்டு பத்தியையும் எண்ணிப் பாருங்கள்.

```
=COUNTA(A2:A300)
=COUNTA(B2:B300)
```

மதிப்பெண் பத்தியில் ஒன்று குறைந்தால், எங்கோ ஒரு மதிப்பெண் விட்டுப்போயிருக்கிறது. முதலிலிருந்து வரிவரியாக ஒப்பிட வேண்டாம். பாதியில் பாருங்கள், அப்புறம் அதில் பாதி, அதிலும் பாதி என்று போங்கள். எனக்கு ஒருமுறை நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

80-ஆம் ஆள் 4183. பலகையிலும் என் ஷீட்டிலும் அதே மதிப்பெண். ஆக முதல் 80 பேரில் பிரச்சினை இல்லை. 120-ஆம் ஆள் 4226, தப்பு. 100-ஆம் ஆள் 4205, சரி. 110-ஆம் ஆள் தப்பு, 105-ஆம் ஆளும் தப்பு. 102 சரி, 103 சரி, 104 தப்பு. எட்டு இடம் பார்த்ததில் ஆள் சிக்கிவிட்டார். பலகையில் 4208-க்கு 58, அதற்குக் கீழே 4209-க்கும் 58, அதற்கும் கீழே 4210-க்கு 71. நான் ஒரு 58-ஐ அடித்துவிட்டுத் தலைதூக்கிப் பார்த்திருக்கிறேன். கண் கீழே இருந்த இரண்டாவது 58-இல் போய் நின்று, அதைத்தான் இப்போது அடித்தோம் என்று நினைத்து 71-க்குத் தாவிவிட்டது. அடுத்தடுத்து ஒரே எண் வரும் இடத்தில்தான் நழுவல் அதிகம் நடக்கும். அதனால் இப்படி இரட்டையாக வரும் இடங்களைப் படத்தில் முன்கூட்டியே ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்வது நல்லது.

பாதிபாதியாகப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. நழுவிய இடத்துக்குக் கீழேயும் தற்செயலாகச் சில வரிகள் ஒத்துவரும், ஏனென்றால் பக்கத்துப் பக்கத்து ஆட்களுக்கு ஒரே மதிப்பெண் இருக்கலாம். அந்த ஒரு வரியை நம்பித் தப்பான பாதிக்குள் போய்விட்டால் மணிக்கணக்கில் தேட வேண்டிவரும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரியை மட்டும் பார்க்காமல் அடுத்தடுத்த மூன்று வரிகளைப் பாருங்கள். மூன்றும் ஒத்துவந்தால் தற்செயலுக்கு வாய்ப்பு குறைவு.

இடம் தெரிந்ததும் திருத்துவது சுலபம், ஆனால் அங்கேயும் கை தவறும். வரியையே நுழைத்துவிடாதீர்கள். நுழைத்தால் பதிவெண்ணும் சேர்ந்து ஒரு படி இறங்கும், நழுவல் அப்படியே இருக்கும். B105 என்ற ஒரு செல்லை மட்டும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து Insert, அதில் Shift cells down. கீழே இருக்கிற மதிப்பெண்கள் மட்டும் ஒரு படி இறங்கும். திறந்த இடத்தில் 58 அடியுங்கள். அப்புறம் கடைசிக்குப் போய் 4268-க்கு நேராகப் பலகையில் இருக்கிற மதிப்பெண்தான் ஷீட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். என் கணக்கில் இந்த ஒரு 58-ஆல் 57 வரிகள் தப்பாகியிருந்தன.

எண்ணிக்கை ஒத்துவருகிறது, கடைசி வரியும் ஒத்துவருகிறது, ஆனாலும் ஒருவர் "என் மார்க் இது இல்லை" என்கிறார்

இது இன்னும் கள்ளத்தனமானது. ஓரிடத்தில் ஒன்றை விட்டிருப்பீர்கள், இன்னோர் இடத்தில் ஒன்றை இரண்டு முறை அடித்திருப்பீர்கள். இரண்டும் சேர்ந்து எண்ணிக்கையைச் சமன் செய்துவிடும். நடுவில் மாட்டியவர்கள் மட்டும் தப்பான மதிப்பெண்ணோடு நிற்பார்கள்.

எப்படி நடக்கும் என்றால், 63-ஆம் ஆளின் மதிப்பெண்ணை விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். தெரியாமல் அடித்துக்கொண்டே போய் இரண்டாம் ஜோடிப் பத்தியின் அடியில் 80-ஆம் ஆளின் மதிப்பெண்ணை அடிக்கிறீர்கள். அது ஷீட்டில் 79-ஆம் ஆளுக்கு நேராக விழுகிறது. அங்கே ஒரு போன் வருகிறது. பேசிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் 80-ஆம் ஆளுக்கு நேராகச் செல் காலி. சரி, இதை இன்னும் அடிக்கவில்லை போல என்று அதே மதிப்பெண்ணை மறுபடி அடிக்கிறீர்கள். அவ்வளவுதான். 81-இலிருந்து எல்லாம் சரி, 63 முதல் 79 வரை 17 பேருக்குத் தப்பு. பாதிபாதியாகத் தேடும் முறை இங்கே உதவாது. 80-இல் பார்த்தால் சரி என்று சொல்லிவிடும். கூட்டுத்தொகையையும் முழுதாக நம்ப முடியாது. விட்டுப்போன மதிப்பெண்ணும் இரண்டு முறை அடித்த மதிப்பெண்ணும் ஒன்றாகவே இருந்தால் கூட்டலும் துல்லியமாக ஒத்துவரும்.

இதற்கு ஒரே மருந்து, பத்துக்குப் பத்து நின்று பார்ப்பது. 10, 20, 30 என்று 16 இடங்களில் பதிவெண்ணையும் மதிப்பெண்ணையும் சேர்த்துப் பாருங்கள். மேலே சொன்ன கதையில் 70-இலேயே மாட்டியிருக்கும். பத்து வரிக்குள் ஆரம்பித்துப் பத்து வரிக்குள் முடிந்துவிடும் குட்டி நழுவல் மட்டும் இந்த வலையில் தப்பலாம். அதற்கு இரண்டாம் முறை அடிப்பதுதான் வழி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உண்மையில் இந்த இரண்டு அறிகுறிகளும் வருவதற்கே காரணம், பதிவெண் பத்தியை முழுக்க அடித்து முடித்துவிட்டு மதிப்பெண் பத்திக்குப் போவது. வேகமாக இருக்கும், ஆனால் இரண்டு பத்தியும் ஒன்றோடொன்று கட்டுப்படாமல் தனித்தனியாக ஓடும். ஜோடியாக அடியுங்கள்: பதிவெண், Tab, மதிப்பெண், Enter. எக்செல்லில் இப்படி அடித்தால் Enter தட்டியதும் அடுத்த வரியின் முதல் செல்லுக்கு அதுவே திரும்பிப் போய்விடும். இந்த முறையில் ஒரு வரியை விட்டால் ஜோடியோடு போகும். போன பதிவெண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம், போன மதிப்பெண்ணைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

பதிவெண் 168, மதிப்பெண் 160

எட்டு வித்தியாசம் என்றதும் எட்டு மதிப்பெண் விட்டுவிட்டோம் என்று பதற வேண்டாம். 4101, 4102 என்று இரண்டை அடித்துவிட்டு மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தீர்களா? இழுத்தால் 4101 முதல் 4268 வரை 168 எண்களையும் அது நிரப்பும். பலகையில் இருப்பதோ 160. தேர்வு எழுதப் பதியாதவர், பாதியில் விலகியவர், முடிவு நிறுத்தி வைக்கப்பட்டவர் என்று எட்டு எண்கள் நடுநடுவே இல்லாமல் இருக்கும்.

இந்த நழுவல் படிப்படியாக வளரும். முதல் இடைவெளிக்கு அப்புறம் ஒரு வரி, இரண்டாவதற்கு அப்புறம் இரண்டு வரி, கடைசியில் எட்டு வரி. ஒரே இடத்தில் திருத்தித் தீர்க்க முடியாது. பலகையின் பதிவெண் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்து, இல்லாத எட்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். பிறகு ஷீட்டில் அந்த எட்டு எண்களின் செல்களை மட்டும் நீக்கி Shift cells up கொடுங்கள். கீழிருந்து மேலாக நீக்கினால் நல்லது. மேலே இருப்பவற்றின் வரி எண் மாறாது, குறித்துவைத்த இடம் குழம்பாது.

பதிவெண்ணில் தாவல், இரட்டிப்பு, பின்னோக்கிப் போவது

பதிவெண் ஏறுவரிசையில் போவது பெரிய வரம். அதைச் சோதிக்க ஒரு கழித்தல் போதும். C3-இல் இதை அடித்துக் கீழே இழுங்கள்.

```
=A3-A2
```

எல்லாம் 1 என்று வர வேண்டும். 2 என்றால் நடுவில் ஓர் எண் இல்லை. பலகையிலும் இல்லையா, நீங்கள் விட்டீர்களா என்று அந்த இடத்தை மட்டும் போய்ப் பாருங்கள். 0 என்றால் ஒரே எண் இரண்டு முறை. முதலில் ஒரு கழித்தல் எண், உடனே ஒரு பெரிய எண் என்று ஜோடியாக வந்தால் இலக்கம் இடம் மாறியிருக்கிறது. 4131, 4123, 4133 என்று அடித்திருந்தால் −8, 10 என்று காட்டும். நடுவில் இருப்பது 4132 ஆக இருக்க வேண்டும்.

1-க்குப் பதிலாக 41, 42 என்று பெரிய எண்களும் நான்குக்கு ஒருமுறை ஒரு பெரிய கழித்தல் எண்ணும் தொடர்ந்து வந்தால், அது வேறு கதை. நான்கு ஜோடிப் பத்திகளை மேலிருந்து கீழாகப் படிக்காமல் இடமிருந்து வலமாகப் படித்திருக்கிறீர்கள். ஜோடி சரியாக இருக்கும் பட்சத்தில் மறுபடி அடிக்க வேண்டியதில்லை. இரண்டு பத்தியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து A பத்தியின்படி வரிசைப்படுத்தினால் போதும். "சேர்த்து" என்பதுதான் முக்கியம். பதிவெண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் மொத்தமும் சின்னாபின்னமாகிவிடும், சேமித்து மூடிவிட்டால் மீட்கவும் வழி இல்லை.

கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை

பெரும்பாலான பட்டியலில் கூட்டுத்தொகை போட்டிருக்க மாட்டார்கள். போட்டிருந்தால் அல்லது நண்பர் ஒருவர் தனியாக அடித்துக் கூட்டியிருந்தால், வித்தியாசத்தை முதலில் 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கச் சாத்தியம் அதிகம். கணக்கு எழுதுபவர்களின் பழைய வித்தை இது. வித்தியாசம் 27 என்றால் 27-ஐ 9-ஆல் வகுக்க 3. இலக்கங்களுக்கு நடுவே 3 வித்தியாசம் இருக்கிற எண்களை மட்டும் தேடினால் போதும்: 14, 25, 36, 47, 58, 69, இவற்றின் திருப்பிப் போட்ட வடிவங்கள், கூடவே 30. 30-ஐ ஏன் சேர்க்கிறேன் என்றால், பூஜ்யம் விழாமல் 3 என்று மட்டும் பதிந்திருந்தாலும் வித்தியாசம் 27தான். 160 வரியில் இருபது, முப்பது வரிகளை மட்டும் பார்த்தால் போதும்.

இது ஒரு பிழை மட்டும் இருக்கும்போதுதான் வேலை செய்யும். அப்புறம், எந்த வித்தியாசமும் ஒன்பதில் ஒரு பங்கு தற்செயலாகவே 9-ஆல் வகுபடும். ஆகவே அந்த இருபது முப்பது வரிகளில் எதுவும் கிடைக்காவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் வேறு வழிக்குப் போங்கள்.

ஓர் எண்ணை என்ன செய்தும் படிக்க முடியவில்லை

குண்டூசி குத்திய இடம், தாள் மடிந்த கோடு, கண்ணாடிக் கதவில் விழுந்த வெளிச்சம். இந்த மூன்றும்தான் வழக்கமான எதிரிகள். படம் எடுக்கும்போதே இதை நினைத்தால் பாதி வேலை மிச்சம். போனைத் தாளுக்கு இணையாக, தாளின் நடு உயரத்தில் பிடியுங்கள். பலகை தலைக்கு மேலே இருந்தால், கீழே நின்று அண்ணாந்து எடுக்காமல் கையை உயர்த்தி எடுங்கள். முழுத் தாளுக்கு ஒரு படம், பிறகு மேல்பாதி, கீழ்பாதி என்று நெருங்கி எடுத்த படங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் கடைசி மூன்று நான்கு வரிகள் திரும்ப வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு வரி காணாமல் போனதே தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, அரை அடி நகர்ந்து இன்னொரு படம். வெளிச்சம் விழும் இடம் மாறிவிடும், ஒன்றில் மறைந்தது மற்றதில் தெரியும்.

சாய்வாக எடுத்த படத்தில் இன்னொரு தொல்லை. வரிகள் சரிந்து போவதால், பதிவெண்ணிலிருந்து பக்கவாட்டில் போகும் கண் மதிப்பெண் பக்கம் ஒரு வரி இறங்கிவிடும். பதிவெண்ணுக்கும் மதிப்பெண்ணுக்கும் நடுவில் நிறைய வெற்றிடம் விட்டு அச்சடித்திருந்தால் இது இன்னும் மோசம். போனிலேயே படத்தை நிமிர்த்திவிட்டு, திரையின் மேல் ஒரு தாளை வைத்து, அதன் மேல் விளிம்பு படிக்கும் வரிக்கு அடியில் வருமாறு நகர்த்திக்கொண்டே வாருங்கள். பழைய முறைதான், ஆனால் இதைவிட நம்பகமானது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

படிக்க முடியாத எண் பதிவெண்ணாக இருந்தால் ஊகிக்கலாம். 4131-க்கும் 4133-க்கும் நடுவில் இருக்கிற ஒற்றை வரி 4132-ஆகத்தான் இருக்க முடியும். மதிப்பெண்ணை ஊகிக்கவே கூடாது. பக்கத்தில் இருப்பவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பது இவரைப் பற்றி எதையும் சொல்லாது. 3-ஆ 8-ஆ, 1-ஆ 7-ஆ என்று தெரியாவிட்டால் செல்லில் `?` போட்டுவிட்டு, பலகைக்கு மறுபடி போய் ஊசிக்குப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். போக முடியாதென்றால் அந்தக் கேள்விக்குறியோடேயே அனுப்புங்கள். அதே தாளில் சந்தேகமில்லாமல் தெரியும் ஒரு 3-ஐயும் 8-ஐயும் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சில சமயம் கைகொடுக்கும். அச்செழுத்து ஒன்றுதானே.

அடித்தது ஒன்று, ஷீட்டில் நிற்பது வேறொன்று

இங்கே உங்கள் மேல் தப்பில்லை, எக்செல்லின் மேதாவித்தனம்தான். 0041 என்று அடித்தால் 41 என்று நிற்கும். 12 இலக்கப் பதிவெண் 230041004101 என்று அடித்தால் 2.30041E+11 என்று காட்டும். இந்த இரண்டாவது வெறும் தோற்றம்தான், உள்ளே எண் பத்திரமாக இருக்கும். 16 இலக்கம் என்றால் நிஜமாகவே ஆபத்து. 15 இலக்கத்துக்கு மேல் அது வைத்துக்கொள்ளாது. கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும், போனது போனதுதான். எனவே அடிக்க ஆரம்பிக்கும் முன்பே பதிவெண் பத்தியைத் தேர்ந்தெடுத்து வடிவத்தை Text என்று மாற்றிவிடுங்கள். அடித்து முடித்தபின் மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது. நான்கு இலக்கம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் `=TEXT(A2,"0000")` என்று வேறு பத்தியில் வரவழைக்கலாம்.

Text ஆக்கிய பிறகும் நீளமான பதிவெண்ணில் ஒரு பொறி உண்டு. இரட்டிப்பு இருக்கிறதா என்று `COUNTIF` போட்டுப் பார்ப்பீர்கள். அது எழுத்தாக இருக்கும் எண்ணையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். 16 இலக்கத்தில் கடைசி இலக்கம் மட்டும் வேறாக இருக்கிற பத்துப் பேரையும் ஒரே ஆள் என்று சொல்லிவிடும். இல்லாத இரட்டிப்பைத் தேடி ஒரு மாலைப்பொழுதை நான் தொலைத்தது இப்படித்தான். கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் கழித்துப் பார்ப்பது பத்திரம்.

```
=RIGHT(A3,4)-RIGHT(A2,4)
```

மதிப்பெண்ணை 8/10 என்ற வடிவில் போட்டிருந்தால் அதைத் தேதியாக்கிவிடும். மேலே உள்ள எண்ணை மட்டும் அடியுங்கள், 10-ஐத் தலைப்பில் ஒருமுறை சொன்னால் போதும்.

வராதவருக்கு என்ன போடுவது

பலகையில் AB, கோடு, வெற்றிடம் என்று எது இருந்தாலும் செல்லைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் மேலே சொன்ன எண்ணிக்கைச் சோதனை அதை விட்டுப்போனதாகச் சொல்லும். 0 போடுவது அதைவிடத் தப்பு. தேர்வு எழுதிப் பூஜ்யம் வாங்கியவரும் எழுதவே வராதவரும் ஒன்றல்ல, சராசரியும் கீழே இறங்கிவிடும். பலகையில் இருப்பதை அப்படியே எழுத்தாக அடியுங்கள். `SUM`, `AVERAGE` இரண்டும் செல்லில் இருக்கிற எழுத்தைக் கண்டுகொள்ளாது. நட்சத்திரக் குறியோ பேனாவால் அடித்துத் திருத்திய எண்ணோ இருந்தால் மூன்றாவது பத்தியில் ஒரு குறிப்பு எழுதுங்கள். மதிப்பெண் செல்லுக்குள் 45* என்று அடித்தால் அது எண்ணாகவே இருக்காது, கூட்டலில் சேராது.

எல்லாச் சோதனையும் சரி, ஆனாலும் மனசு ஒப்பவில்லை

அப்போது இரண்டாம் முறை அடிக்க வேண்டியதுதான். அடித்ததையே திரும்பப் படித்துப் பார்ப்பது பயன்படாது, கண் தான் எழுதியதை நம்பிவிடும். பழைய பத்தியை மறைத்துவிட்டு, மதிப்பெண்ணை மட்டும் D பத்தியில் புதிதாக அடியுங்கள். முடிந்தால் வேறொருவர் அடிக்கட்டும். ஆள் இல்லாவிட்டால் நீங்களே கீழிருந்து மேலாக அடியுங்கள். வரிசை மாறினால் போனமுறை தாவிய இடத்தில் கண் மறுபடி தாவாது. பிறகு:

```
=IF(EXACT(B2,D2),"","X")
```

`=B2=D2` என்று சுருக்கமாகப் போடலாமே என்று தோன்றும். அதில் ஓர் ஓட்டை. காலியான செல்லும் 0-வும் சமம் என்று எக்செல் சொல்லும். ஒருமுறை விட்டுவிட்டு மறுமுறை பூஜ்யம் அடித்திருந்தால் தெரியாமலே போய்விடும். `EXACT` இதைப் பிடித்துவிடும். X வந்த இடங்களில் மட்டும் பலகைப் படத்தைப் பாருங்கள். X ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக வந்தால் நழுவல், தனியாக வந்தால் இலக்கப் பிழை. பார்த்ததுமே வித்தியாசம் தெரியும்.

ஒருவர் படிக்க ஒருவர் அடிப்பதாக இருந்தால், எண்ணைப் பெயர் சொல்லிப் படிக்காதீர்கள். "எழுபத்தெட்டு", "எண்பத்தேழு" இரண்டும் வேகமாகச் சொன்னால் காதில் குழம்பும். எழுபதும் எண்பதும் அதைவிட மோசம். "ஏழு, எட்டு" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். பூஜ்யத்தை விழுங்காமல் சொல்லுங்கள். பதிவெண்ணில் கடைசி இரண்டு இலக்கம், ஒரு சிறு நிறுத்தம், அப்புறம் மதிப்பெண்: "சைபர் ஒன்பது... ஐந்து, எட்டு." அடிப்பவர் ஷீட்டில் தெரியும் பதிவெண்ணைப் பார்த்து "சைபர் ஒன்பது" என்று திருப்பிச் சொன்னால், நழுவல் நடந்த வரியிலேயே இருவரும் முட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

நேற்று சரியாக இருந்தது, இன்று பலகையோடு ஒத்துவரவில்லை

ஷீட்டைத் தொடாதீர்கள். தாளின் தலைப்பையும் அடியில் இருக்கிற தேதி, கையெழுத்தையும் முதலில் பாருங்கள். திருத்திய பட்டியலைப் பழையதின் மேலேயே குத்திவிட்டுப் போயிருப்பார்கள். சில சமயம் ஒரே ஒரு வரியைப் பேனாவால் அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் மட்டும் போட்டிருப்பார்கள். முதல் படத்திலேயே தலைப்பும் தேதியும் விழுந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிடலாம். ஷீட்டின் மேல் வரியில் அறிவிப்பின் தேதியையும் படம் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். புதிய தாளுக்குப் புதிய பத்தி போட்டு, அதே `EXACT` சோதனையைப் பழைய பத்தியோடு ஓட்டினால் யார் யாருக்கு மாறியிருக்கிறது என்பது X போட்டு வந்துவிடும்.